சம்பள வித்தியாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

சுமதி, வணக்கம்.

உங்களுக்குப் பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்த மெர்ச்சண்டைசருக்கு உங்களைவிட ஏன் அதிகச் சம்பளம் என்று கேட்டுச் சனிக்கிழமை நீங்கள் அனுப்பிய மெயிலுக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம், அக்கவுண்ட்ஸிலிருந்து மெர்ச்சண்டைசர்கள் எல்லோருடைய ஃபைலையும் வாங்கிப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்பதுதான். பார்த்துவிட்டேன். ஆமாம், வித்தியாசம் இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்குக் காரணம் உண்டு, இன்னொரு பகுதிக்கு இல்லை. காரணம் இல்லாததைச் சரிசெய்கிறோம். விவரம் கீழே.

முதலில் ஒன்று. அவருக்கு 42 ஆயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியா தவறா என்று நான் சொல்ல மாட்டேன், நாளைக்கு அவர் வந்து உங்கள் சம்பளத்தைக் கேட்டாலும் இதே பதில்தான். யார் சொன்னார்கள் என்றும் கேட்கப் போவதில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதற்காக இங்கே யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டோம், அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று ஒரு முறை பாருங்கள். மெயிலில் உங்கள் சம்பளம் 32,430 என்று போட்டிருக்கிறீர்கள். அது பிஎஃப் பிடித்தது போக கைக்கு வருவது. உங்கள் கிராஸ் 34,500. பேசிக் 17,250, அதில் 12 சதவீதம், அதாவது 2,070 உங்களிடம் பிடிக்கிறோம், அதே அளவு கம்பெனியும் கட்டுகிறது, கிராஜுவிட்டிக்கு 830 ரூபாய் போல ஒதுக்குகிறோம். ஆக சிடிசி என்று பார்த்தால் உங்களுடையது 37,400. வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆஃபர் லெட்டரில் இருக்கும் சிடிசியைத்தான் "என் சம்பளம்" என்று சொல்வார்கள். இதைச் சொல்லி உங்கள் கேள்வியை மழுப்பப் பார்க்கவில்லை. சிடிசியைச் சிடிசியோடு வைத்துப் பார்த்தாலும் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, நீங்கள் நினைத்த அளவு இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளி எப்படி வந்தது? நீங்கள் 2019 ஜூனில் 18 ஆயிரத்துக்கு ஜூனியராகச் சேர்ந்தீர்கள். 2020-இல் கொரோனாவில் யாருக்கும் இன்கிரிமென்ட் இல்லை. 2022 அக்டோபரில் மெர்ச்சண்டைசர் ஆனபோது 26 ஆயிரம். அதற்குப் பிறகு வருஷத்துக்குப் 10 சதவீதத்தை ஒட்டி ஏறி இங்கே வந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குப் பழைய தொகையின் மேல் சதவீதம் போடுகிறோம், வெளியிலிருந்து எடுப்பவருக்கு அன்றைய சந்தை விலையைக் கொடுக்கிறோம். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கிருந்து ஆர்டர்கள் திருப்பூர் பக்கம் திரும்பின, ஞாபகம் இருக்கும். அந்தத் தீபாவளி சமயத்தில் பையரிடம் நேராகப் பேசத் தெரிந்த ஆளுக்கு ஊரில் அத்தனை கிராக்கி, கேட்ட சம்பளத்தைக் கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும் என்ற நிலைமை. அவர் சேர்ந்தது அப்போதுதான். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியது, நாமும் கையை இறுக்கிக்கொண்டோம், இருந்த இடைவெளி அப்படியே உறைந்துவிட்டது. "ஏழு வருஷம் ஒரே இடத்தில் இருந்ததுதான் தப்பா சார்" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் சம்பளக் கணக்கு இருக்கிற விதத்தில், அதே இடத்தில் இருப்பவருக்குத்தான் நஷ்டம். மூடி மறைக்க ஒன்றுமில்லை.

காரணம் உள்ள பகுதி இது. அவர் தன்னுடைய ஸ்டைல்களுக்குக் காஸ்டிங் ஷீட்டை நூல் விலையிலிருந்து தானே போட்டு, பையரிடம் விலை பேசி முடிக்கிறார். ஆர்கானிக் ஆர்டர்களுக்கான டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட் வேலையும் அவரிடம்தான் இருக்கிறது, அது ஒரு கிலோ கணக்கு இடித்தாலும் பேமென்ட் நின்றுபோகிற வேலை. உங்கள் ஸ்டைல்களுக்குக் காஸ்டிங் இன்னும் சீனியர் போடுகிறார். இதற்கென்று மாதம் 2,500 ரூபாய் அளவுக்கு வித்தியாசம் வைப்பது நியாயம் என்று நினைக்கிறேன். படிப்பு, முந்தைய கம்பெனியின் பெயர் இவற்றையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை, நம் வேலைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை.

மீதிக்குக் காரணம் இல்லை. நீங்கள் செய்யும் சில வேலைகள் அப்ரைசல் ஷீட்டில் எந்தக் கட்டத்திலும் வராது. மார்ச்சில் அந்த நேவி ப்ளூ லாட்டில் லேப் டிப் அப்ரூவல் கையில் இருந்தும், பல்க் துணியைப் பகல் வெளிச்சத்தில் ஷேட் பேண்டோடு வைத்துப் பார்த்து, இரண்டு ரோல் சிவப்படிக்கிறது என்று கட்டிங்கை நிறுத்தினீர்கள். டையிங்காரர் போனில் கத்தியது எனக்கும் கேட்டது. அது வெட்டி, தைத்து, கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டியிருந்தால் திரும்பச் செய்து விமானத்தில் அனுப்ப வேண்டி வந்திருக்கும், அந்தச் செலவு முழுக்க நம் தலையில்தான். அப்ரைசலில் இதற்கு ஒரு மார்க்கூட இல்லை.

கடைசி வரியில், பெண் என்பதாலா என்று கேட்டிருந்தீர்கள். தயங்கித் தயங்கிக் கேட்டது போல இருந்தது, நேராகவே கேட்கலாம். ஒரே வேலைக்கு, அல்லது அதே தன்மையுள்ள வேலைக்கு ஆண் பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976 சட்டத்திலேயே இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அதனால் ஒன்பது மெர்ச்சண்டைசர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த ஐந்து பேரில் இரண்டு பெண்கள், அவர்கள் சம்பளம் உடன் வந்த ஆண்களுக்குச் சமமாகத்தான் இருக்கிறது. கீழே இருப்பது உள்ளிருந்து வளர்ந்த நான்கு பேர், அந்த நான்கில் மூன்று பேர் பெண்கள். யாரும் பெண் என்று பார்த்துக் குறைக்கவில்லை, ஆனாலும் பாதிப்பு அதிகமாகப் பெண்கள் மேல்தான் விழுந்திருக்கிறது. இதைச் "சந்தை நிலவரம்" என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனமில்லை, எம்.டி.யிடமும் இதே கணக்கைத்தான் காட்டினேன்.

சரி, முடிவுக்கு வருகிறேன். உங்கள் கிராஸ் ஏப்ரல் 1 முதல் 38,500. ஏப்ரல், மே வித்தியாசம் ஜூன் சம்பளத்தோடு சேர்ந்து வரும். பிஎஃப்பும் அதற்கேற்பக் கூடும், அதனால் 4,000 முழுதாகக் கைக்கு வராது. இது சம்பளத் திருத்தம்தான், வருடாந்திர இன்கிரிமென்ட் இதில் சேராது, அது வழக்கம்போல் தனியாக வரும். ஏப்ரலுக்கு முந்தைய நிலுவை கேட்பீர்கள் என்று தெரியும், அதற்கு எம்.டி. சம்மதிக்கவில்லை, நானும் வீணாக நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. மற்ற மூவருக்கும் இதே முறையில் பார்க்கிறோம், அவர்களிடம் நானே சொல்கிறேன். சமப்படுத்துவதற்காக யார் சம்பளத்தையும் குறைக்க முடியாது, சட்டமே அதை அனுமதிக்கவில்லை. அதனால் அவரை நேரில் பார்க்கும்போது உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

அந்த 2,500-ஐப் பற்றி: ஜூலையிலிருந்து உங்கள் இரண்டு பையர்களுக்குக் காஸ்டிங்கை நீங்களே போடுங்கள். முதல் மூன்று ஷீட்டைச் சீனியர் சரிபார்ப்பார், அதன் பிறகு உங்கள் பொறுப்பு. அக்டோபர் சீசன் ஆர்டர் முடிந்ததும் 41 ஆயிரம். இது இன்றே உங்கள் லெட்டரில் எழுத்தாகப் போகிறது, அப்போது நான் இந்த சீட்டில் இல்லாவிட்டாலும் நிற்கும்.

காஸ்டிங் வேண்டாம், ஃபாலோ-அப் வேலையே போதும் என்று நினைத்தால் அதையும் சொல்லுங்கள், 38,500-இல் எந்த மாற்றமும் இருக்காது.

வியாழன் மாலை 4 மணிக்கு என் ரூமுக்கு வாருங்கள். பழைய இன்கிரிமென்ட் லெட்டர்கள் இருந்தால் கொண்டு வாருங்கள், 2021-க்கான நகல் நம் ஃபைலில் இல்லை.

ரமேஷ்
மெர்ச்சண்டைசிங் மேனேஜர்