புது சோபா வரிசை வந்தாச்சு: அளவு, மரம், வாரண்டி, வண்டிக்கூலி எல்லாம் இங்கேயே இருக்கு

வெட்டூர்ணிமடத்தில் எங்கள் கடையின் கீழ்த்தளத்தில் இந்த வாரம் நான்கு மாடல்கள் இறங்கியிருக்கின்றன. படத்தில் பார்த்துப் பிடித்துப்போய், பில் போடும் நேரத்தில் "டெலிவரி தனி", "தேக்கு கால் மட்டும்தான்" என்று கேட்க நேர்ந்தால் யாருக்கும் மனசு கசக்கும். அதனால் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம். கீழே உள்ள விலைகள் ஜிஎஸ்டி சேர்த்தவை.

பத்மநாபபுரம்: தேக்கு செட், 3+1+1, ரூ.62,500
மூன்று பேர் சோபா நீளம் 74 அங்குலம் (188 செ.மீ.), ஆழம் 30 (76), உயரம் 34 (86). ஒற்றை இருக்கை அகலம் 28 (71). தரையிலிருந்து இருக்கை 18 அங்குல உயரம். முட்டுவலி உள்ள பெரியவர்கள் கையை ஊன்றி எழுந்திருக்க வசதியாக வேண்டுமென்றே உயர்த்திச் செய்தது. கால், கைப்பிடி, முதுகுச் சட்டம் எல்லாம் தேக்கு. குஷனுக்கு அடியில் இருக்கும் பலகை மட்டும் 12 எம்எம் பிளைவுட், அது தேக்கு இல்லை. குஷன் 4 அங்குலம், 40 டென்சிட்டி ஃபோம். உறையில் ஜிப் இருக்கிறது, கழற்றித் துவைக்கலாம்.

முட்டம்: துணி சோபா, 3+1+1, ரூ.38,900
அதிகம் போகப்போவது இதுதான் என்று நினைக்கிறோம். மூன்று பேர் சோபா நீளம் 78 (198), ஆழம் 34 (86), கால்களோடு உயரம் 33 (84). கைகளுக்கு நடுவே உட்காரும் இடம் 64 அங்குலம், மூன்று பேர் நெருக்காமல் உட்காரலாம். ஒற்றை இருக்கை அகலம் 36 (91). இருக்கை உயரம் 17 (43). இருக்கையில் 5 அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம், அதற்குக் கீழே ஸ்பிரிங். முதுகுக்கு 32 டென்சிட்டி. துணி பாலியஸ்டர், சாம்பல், பச்சை, மண் நிறம் மூன்றும் ஸ்டாக்கில் உண்டு.

சட்டம் ரப்பர் மரம். நம்ம மாவட்டத்தில் ரப்பர் மரம் என்றாலே "வண்டு அரிக்குமே" என்பார்கள். சும்மா அறுத்துப் போட்டால் உண்மைதான்; அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதற்குத்தான் வண்டு வரும். இதில் உள்ள மரம் போரான் மருந்து ஏற்றி, சூளையில் ஈரம் போக உலர்த்தியது. சந்தேகம் இருந்தால் சோபாவைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடித்துணியில் ஜிப் வைத்திருக்கிறோம். திறந்தால் சட்டம், ஸ்பிரிங், பின் அடித்த இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பின்கள் ஸ்டெயின்லெஸ். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்றில் சாதாரண பின் துருப்பிடித்து, துணி மேல் பழுப்புக் கறை ஏறிவிடும். விலை கொஞ்சம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம், இதில் நாங்கள் குறைக்க மாட்டோம்.

மாத்தூர்: எல் வடிவம், ரூ.46,500
நீளப் பக்கம் 102 (259), கால் நீட்டும் பக்கம் 66 (168), உயரம் 32 (81), இருக்கை உயரம் 16 (41). இரண்டு துண்டாக வரும்: ஒன்று 70 அங்குலம், இன்னொன்று 32 அங்குல அகலம். கால் நீட்டும் பகுதி எந்தக் கைப்பக்கம் வேண்டும் என்பதை ஆர்டரில் சொல்லிவிடுங்கள், பிறகு மாற்ற முடியாது. சோபாவுக்கு எதிரே நின்று பார்க்கும்போது இடமா வலமா என்பதுதான் கணக்கு. சட்டமும் ஃபோமும் முட்டம் போலவே. ஹால் 12 அடிக்குக் குறைவு என்றால் இதை நாங்களே வேண்டாம் என்றுதான் சொல்வோம், நடக்க இடம் இருக்காது.

வட்டக்கோட்டை: சோபா கம் பெட், ரூ.27,800
மடக்கினால் 72 x 34 அங்குலம் (183 x 86), விரித்தால் 72 x 48 (183 x 122), உயரம் 32 (81). ரப்பர் மரச் சட்டம், பவுடர் கோட்டிங் இரும்புக் கீல், 4 அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம், ரெக்சின் உறை. ஊரிலிருந்து விருந்தாள் வந்தால் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தாராளமாகப் படுக்கலாம். இரண்டு பெரியவர்களுக்கு நெருக்கம்தான்.

வாரண்டி
தேக்குச் சட்டத்துக்கு 7 வருடம், ரப்பர் மரச் சட்டத்துக்கு 5 வருடம். ஃபோம் குழிந்தால் 3 வருடம். கீல், ஸ்பிரிங் 2 வருடம். துணி, ரெக்சின், தையல் 1 வருடம். எல்லாம் டெலிவரி ஆன நாளிலிருந்து கணக்கு. வண்டு, கரையான் வந்தால் அந்தப் பாகத்தை மாற்றித் தருவோம், அதற்கும் மரச் சட்டத்துக்கு உள்ள வாரண்டிதான்.

வாரண்டியில் வராதவை: வீட்டுக்குள் தண்ணீர் ஏறி நனைந்தது, நேர் வெயிலில் நிறம் போனது, பூனை நகம், பேனா மை, வேறு ஆட்கள் பிரித்து மாட்டியதில் உடைந்தது. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சிட்-அவுட்டில் சாரல் படும் இடத்தில் தயவுசெய்து துணி சோபா போடாதீர்கள், அந்த இடத்துக்குப் பத்மநாபபுரம் சரிப்படும். அதிலும் குஷனை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

புகார் என்றால் பில் தேடி அலைய வேண்டாம், போன் நம்பர் சொன்னால் போதும். முதல் வருடம் ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பது இலவசம். அதற்குப் பிறகு வருகைக்கு ரூ.300, வாரண்டிக்குள் இருக்கும் பாகத்துக்குப் பணம் இல்லை.

வண்டிக்கூலி
ஒரு ஆர்டருக்கு ஒரு கூலி, எத்தனை உருப்படி எடுத்தாலும் அதேதான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரைத்தளத்தில் பொருத்திக் கொடுப்பது எல்லாம் இதில் அடக்கம்.

நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் இலவசம்.
சுசீந்திரம், தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி, ராஜாக்கமங்கலம்: ரூ.500.
கன்னியாகுமரி, அஞ்சுகிராமம், தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல், முட்டம்: ரூ.800.
மார்த்தாண்டம், குழித்துறை, கருங்கல், திருவட்டார், குலசேகரம்: ரூ.1,200.
களியக்காவிளை, அருமனை, நித்திரவிளை, கொல்லங்கோடு, பேச்சிப்பாறை: ரூ.1,500.

மாடி என்றால் ஒவ்வொரு மாடிக்கும் ரூ.300, எல் வடிவத்துக்கு ரூ.500. டாடா ஏஸ் வீட்டு வாசல் வரை வர முடியாத ஒடுக்கமான தெருவாக இருந்தால், முதல் 50 மீட்டர் சுமப்பதற்குக் காசு இல்லை. அதற்கு மேல் ரூ.300. முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூடுதலாக ஒரு ஆளை அனுப்புவோம். பெருமழை என்றால் டெலிவரி தேதியை மாற்றுவோம், அதற்குக் கூடுதல் பணம் கிடையாது.

ஸ்டாக்கில் உள்ள நிறம் 3 நாளில் வந்து சேரும். உங்கள் விருப்பத் துணி, மாற்று அளவு என்றால் 20 நாள் ஆகும், பாதிப் பணம் அட்வான்ஸ். வெட்ட ஆரம்பித்த பிறகு அந்த ஆர்டரை ரத்து செய்ய இயலாது.

ஒரு வேலை மட்டும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள். வாசல் நிலையின் உள்பக்க அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கதவு முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். முட்டம் சோபாவின் 4 அங்குலக் கால்களைக் கழற்றினால் 30 அங்குல நிலைக்குள் படுக்கவைத்து நுழைத்துவிடலாம். பழைய வீடுகளில் நிலை அதைவிடக் குறுகலாக இருக்கும். அப்படியானால் அந்த அளவைச் சொல்லுங்கள், மூன்று பேர் சோபாவை இரண்டாகப் பிரித்து மாட்டும்படி செய்து தருகிறோம், ரூ.1,800 கூடும். மாடிப்படி திரும்பும் இடத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வந்தால் எங்கள் ஆட்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

கடை பார்வதிபுரம் போகும் ரோட்டில். திங்கள் முதல் சனி வரை காலை 9.30 முதல் இரவு 8.30 வரை, ஞாயிறு காலை 10 முதல் மாலை 6 வரை. நான்கிலும் உட்கார்ந்து, சாய்ந்து பாருங்கள். வீட்டில் அதிகம் உட்காரப்போகும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாங்க.