டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு ரெஃபரல் கேட்டு

அண்ணன்மார், அக்காமார், பேட்ச் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் 2018 பேட்ச், இசிஇ. குழுவில் பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் போடுகிற ஆள். இன்று ஓர் உதவி கேட்டு வந்திருக்கிறேன்.

சீனியர் டேட்டா அனலிஸ்ட் வேலை தேடுகிறேன். விற்பனை, சரக்கு இருப்புத் தரவுகளை அலசி, மேலாளர்கள் முடிவெடுக்க உதவும் டாஷ்போர்டுகள் செய்யும் பணி. சில்லறை வணிகம் அல்லது லாஜிஸ்டிக்ஸ் துறை என்றால் நல்லது.

இத்துறையில் 5 ஆண்டு அனுபவம். எஸ்க்யூஎல், பவர் பிஐ தினமும் கைபடுபவை. பைத்தான் பேண்டாஸ் அளவுக்குத் தெரியும். மெஷின் லேர்னிங் தெரியாது, அதைக் கேட்கும் வேலைக்கு என்னைச் சொல்ல வேண்டாம். இப்போதைய இடத்தில் 14 எக்செல் கோப்புகளை ஒட்டி இரண்டு நாளில் தயாரான மாத அறிக்கையை, 20 நிமிடத்தில் வரும்படி மாற்றினேன்.

நோட்டீஸ் காலம் 60 நாள். இடம் மாறவும் தயார்.

உங்கள் நிறுவனத்தில் இப்படி இடம் இருந்தால் ஜாப் ஐடியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அதற்கேற்ற ஒரு பக்க ரெஸ்யூமேயும், போர்ட்டலில் அப்படியே ஒட்ட நான்கு வரி அறிமுகமும் அன்றே தருகிறேன். என்னோடு வேலை பார்க்காதவர்கள் தயங்கினால் புரிந்துகொள்வேன். பத்து நிமிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், என் அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை. இதை வெளியே ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். நன்றி.