இடது கால் புதிது

படத்தில் இருப்பவை என் கால்கள்தான். வலது கால் 47 வருடம் பழையது. இடது கால் கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், புதியது கொஞ்சம் வெளுப்பு. விரல்களும் நகங்களும்கூட அதில் வார்த்தே வந்திருக்கின்றன. கரிசல் புழுதி இரண்டிலும் ஒரே அளவுக்கு ஒட்டியிருப்பதால் சட்டென்று பார்ப்பவர்கள் ஏமாந்துபோகலாம். மகளிடம், "முகம் வேண்டாம் தாயி, காலை மட்டும் எடு" என்றேன். அதுதான் இந்தப் படம்.

இடம், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலை. 22 வருடமாக லாரியில் போய்வந்த சாலை இது. எங்கே பள்ளம், எந்தத் திருப்பத்தில் ஆடு குறுக்கே வரும், எந்த டீக்கடையில் வடை சூடாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒரு நாள்கூட இதில் நடந்ததில்லை. டயர் பார்க்கவும் சிறுநீர் கழிக்கவும் இறங்கியதை நடை என்று சொல்ல முடியாது.

பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை ஒரே முறை எழுதிவிடுகிறேன். சர்க்கரை எனக்குப் பத்து வருடமாக உண்டு. மாத்திரை போட்ட நாளும் உண்டு, மறந்த நாளும் உண்டு. கடைசி இரண்டு வருடம் பாதம் மரத்துப்போயிருந்தது. எறும்பு கடித்தாலும் தெரியாது. அதைச் சுகம் என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான். எங்கள் லாரியில் எஞ்சின் பெட்டி ஓட்டுநருக்கு இடது பக்கத்தில், கிளட்ச் மிதிக்கும் காலை ஒட்டி இருக்கும். போன சித்திரையில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவது என் பழக்கம். அந்தச் சூட்டில் பாதத்தின் ஓரம் வெந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இறங்கிக் குளிக்கும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். வலி இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பி ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவிக்கு முதலில் தெரிந்தது நாற்றம். வைகாசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முட்டி மிஞ்சியது பெரிய யோகம் என்றார் மருத்துவர். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நடக்கிறேன் அல்லவா, முட்டி என்றால் என்னவென்று தெரிகிறது.

ஓட்டுநர் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். இரவு வண்டியை ஓரம் கட்டியதும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு செய்யாதீர்கள். மரத்த காலுக்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

காலை எடுத்த பிறகும் அது என்னை விடவில்லை. இரவில் படுத்தால், இல்லாத அந்தக் கால் கிளட்ச்சை மிதித்தபடி பிடித்துக்கொள்ளும். விரல்கள் சுருண்டு இழுக்கும். நீவிவிடலாம் என்று கையை நீட்டினால் அங்கே போர்வைதான் இருக்கும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பிசியோதெரபி செய்யும் தம்பியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதற்குள் பார்த்தபடி வலது கால் விரல்களை விரிக்கச் சொன்னார். கண்ணாடிக்குள் என் இடது கால் விரிந்தது. இழுப்பு மெல்லத் தளர்ந்தது. எல்லோருக்கும் இது பலிக்காதாம். எனக்குப் பாதிக்கு மேல் பலித்தது. தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் என்ற மூளை ஆய்வாளர் கொண்டுவந்த முறை என்று அந்தத் தம்பி சொன்னார். சந்தைக் கடையில் வாங்கிய கண்ணாடிக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

புதுக் கால் ஓர் இலவச முகாமில் கிடைத்த ஜெய்ப்பூர் கால். 1968-இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. பாதம் ரப்பர். அதனால் செருப்பில்லாமலும் நடக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். மேலே இருப்பது பிளாஸ்டிக் குழாய். மிஞ்சிய காலுக்கு மாவுக்கட்டால் அச்சு எடுத்து, குழாயைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் பொருத்தினார்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போடுவதும் இதே வகைப் பிளாஸ்டிக்தான் என்று கேட்டதும் என் மாமனார், "அப்படியானால் ரிப்பேருக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது மாப்பிள்ளை" என்றார். பத்து மாதத்தில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் சுதா சந்திரனைப் பற்றிச் சொன்னார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு மேடையில் பரதநாட்டியமே ஆடினார் என்றார்கள். பெரிய மனுஷி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இரண்டு கால் இருந்தபோதே நான் ஆடியவன் இல்லையே! பால் வாங்கப் போய்வந்தால் எனக்குப் போதும்.

நடையில் எனக்கு வந்த சிக்கல் வேறு. சாலை நடுவே உயர்ந்து, மழைத்தண்ணீர் வடிய இரு ஓரமும் சரிந்திருக்கும். ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இது தெரியும், ஆனால் பொருட்டில்லை. நடப்பவனுக்கு, அதுவும் கணுக்கால் தன் இஷ்டத்துக்குத் திரும்பாதவனுக்கு, அந்தச் சரிவு ஒரு மலை. வலது ஓரமாக நடந்தால் இடது கால் மேட்டுப் பக்கம் விழுந்து தட்டுகிறது. இடது ஓரமாக நடந்தால் பள்ளத்தில் இறங்குகிறது, பின்னால் வரும் வண்டியும் தெரிவதில்லை. வலது ஓரமே சரி என்று முடிவுசெய்து, புதுக் காலைக் கொஞ்சம் அதிகம் தூக்கிப் பழகுகிறேன். நேரம் ஆக ஆக மிஞ்சிய கால் சுருங்கிக் குழாய் தொளதொளக்கும். அப்போது அந்தக் காலில் மாட்டிக்கொள்ளச் சட்டைப் பையில் ஒரு காலுறை வைத்திருக்கிறேன். முன்பு அதே பையில் பீடிக்கட்டு இருக்கும்.

சரி, ஏன் இன்றைக்குப் படம்? திங்கட்கிழமை முதல் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குப் போகிறேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சரக்குக்கு எவ்வளவு வாடகை என்று போனில் பேசும் வேலை. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. பஸ் நிறுத்தத்திலிருந்து ஆபீசுக்கு 400 மீட்டர். ஒரு வாரமாக அந்த 400 மீட்டரை இந்தச் சாலையில் அளந்து நடந்து பழகினேன். இன்று போகவர 800 மீட்டர், நடுவே உட்காரவில்லை. ஹெவி லைசென்ஸ் பீரோவில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் ஆசை வராமல் இல்லை. ஆனால் இந்த வாரம் எடுக்கவில்லை.

அறுவடைக் காலம். வழியெல்லாம் உளுந்துச் செடியைச் சாலையிலேயே பரப்பியிருக்கிறார்கள், வண்டி ஏறிப் பருப்பு உதிரட்டும் என்று. ஓட்டிய காலத்தில் இவர்களை எவ்வளவு திட்டியிருப்பேன்! இன்று சுற்றிக்கொண்டு போனேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா, "பார்த்து, வழுக்கும் ஐயா" என்றார்.

படத்துக்காக, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து நடுச்சாலையில், வெள்ளைக் கோட்டின் மேல் நின்றேன். மகள் நிழல் விழுகிறது என்று இரண்டாவது முறை எடுத்துக்கொண்டிருக்கும்போது எட்டயபுரம் பக்கமிருந்து ஒரு லாரி வந்துவிட்டது. ஓரத்துக்குப் போக எனக்கு ஒன்பது அடி வைக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் சின்னப் பையன். வேகத்தைக் குறைத்து, நான் ஒதுங்கும்வரை நின்றான். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஹார்னிலிருந்து கையை எடுத்திருக்க மாட்டேன்.

படம்: என் மகள். காலை 6.40.