பரிசுக்குப் பதிலாகக் குளத்துக்கு ஒரு மணி நேரம்: மணமக்களின் வேண்டுகோள்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்துடன் வந்திருக்கும் திருமணப் பத்திரிகையின் கடைசி வரியைப் பார்த்திருப்பீர்கள். "பரிசுப் பொருட்களைத் தவிர்த்து, அதற்கென நினைத்த தொகையை நம் ஊர் ஐயனார் கோயில் குளத்தைத் தூர்வாரத் தந்து உதவுங்கள்" என்று அச்சிட்டிருக்கிறோம். மெய்ப்புப் படித்த அச்சகத்துக்காரரே நிமிர்ந்து பார்த்து, "அப்படியென்றால் மொய் உண்டா, இல்லையா?" என்று கேட்டார். அவருக்கே அந்தச் சந்தேகம் என்றால் பெரியத்தைக்கும் சிங்கப்பூர் மாமாவுக்கும் என்னென்ன தோன்றும் என்று யோசித்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

முதலில் மொய்யைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மண்டபத்தில் மொய் எழுதும் மேசை வழக்கம்போல் இருக்கும். அதில் எங்கள் இருவருக்கும் எந்த அதிகாரமும் இல்லை. மொய் நோட்டு எங்களைப் பெற்றவர்களுடையது. அப்பா உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதியது, நீங்கள் எங்கள் அக்கா கல்யாணத்தில் எழுதியது, தாத்தா காலத்திலிருந்து திரும்பியும் திரும்பாமலும் நிற்பது எல்லாம் அதில் இருக்கிறது. காது குத்து, புதுமனை புகுவிழா என்று பல வீடுகளின் கணக்கு அதில் பின்னிக் கிடக்கும்போது, கல்யாணம் செய்துகொள்கிற இரண்டு பேர் நடுவில் புகுந்து "எல்லாவற்றையும் குளத்துக்குக் கொடுங்கள்" என்று சொல்வது நியாயம் இல்லை. செய்முறை செய்ய வேண்டியவர்கள் மொய் மேசையில் எழுதுங்கள். அந்தப் பணம் குளத்துக்குப் போகாது. குளத்துக்குத் தரும் பணம் மொய் நோட்டில் ஏறாது. குளத்துக்குக் கொடுத்ததை யாரும் யாருக்கும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை என்பதால்தான் இரண்டையும் கலக்காமல் வைக்கிறோம். தாய்மாமன் சீரையும் நாங்கள் தொடவில்லை. தொட்டால் அம்மாச்சி கல்யாணத்துக்கே வரமாட்டார்.

நாங்கள் வேண்டாம் என்பது கடையில் வாங்கிக் காகிதம் சுற்றிக் கொண்டுவரும் பொருட்களை மட்டும்தான். அன்போடு கொடுப்பதை மறுப்பதாக நினைக்க வேண்டாம். அக்கா கல்யாணத்தில் வந்த சுவர்க் கடிகாரங்களில் பாதி இன்னும் பரணில் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் இருக்கிறது, தலையாட்டி பொம்மையும் இருக்கிறது. தஞ்சாவூரில் நாங்கள் பார்த்திருக்கும் வாடகை வீட்டுக்கு இரண்டே அறை. இன்னொரு மிக்ஸி வந்தால் அதை வைக்க ஒரு அலமாரி வாங்க வேண்டும்.

இனி குளத்தைப் பற்றி. வெளியூரிலேயே இருந்துவிட்ட உறவினர்கள் அதைக் கடைசியாகப் பார்த்தபோது தண்ணீர் இருந்திருக்கும். நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாமணியாற்றின் கிளை வாய்க்கால்தான் அதற்கு நீர் கொண்டுவருவது. இப்போது அந்த வாய்க்கால் குளத்துக்குள் நுழைகிற இடத்தில் மதகு இடிந்து, குழாய் மண்ணில் புதைந்து கிடக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து, பாமணியில் கரை தொட்டு ஓடினாலும், ஐயனார் கோயில் குளம் அதைப் பார்த்துக்கொண்டு காய்கிறது. மழைநீர் மட்டும் கொஞ்சம் தேங்கும். அதன்மேல் ஆகாயத்தாமரை. கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் சாய்ந்த புளியமரத்தின் அடிமரம் இன்றும் வடகரையில் குளத்துக்குள் கிடக்கிறது. கிளைகளை விறகுக்கு வெட்டியவர்கள் அடிமரத்தை யாராவது எடுப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

குளம் நிறைந்தால் தெருவில் உள்ள அடிபம்புகளில் தண்ணீர் மேலே வரும். மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிப்போக வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் நம் ஊரில் இப்போது அரிதாகிவிட்டார்கள். ஆறும் வாய்க்காலுமாக ஓடுகிற நாட்டில் இது கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம்.

ஜனவரி 26 கிராமசபையில் தூர்வாரும் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. குளத்து வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். வண்டல் வேண்டியவர்கள் தங்கள் டிராக்டரிலேயே ஏற்றிக்கொள்வார்கள் என்பதால் அந்தச் செலவு மிச்சம். வேலைக்கு நாள் குறைவு. மேட்டூர் அணையை ஜனவரி 28 அன்று மூடி ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். சம்பா அறுவடை முடிந்து, அடித்தட்டில் நிற்கும் தண்ணீரும் வற்றி, பொக்லைன் இறங்கினால் புதையாத அளவுக்குத் தரை இறுகுவது பங்குனி பிறந்த பிறகுதான். சித்திரை கடைசியில் கோடை மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். ஆகவே நம் கையில் இருப்பது பங்குனியும் சித்திரையும். கல்யாணம் மாசியில் என்பதால் பணம் சரியான நேரத்தில் சேரும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

செலவு ஏறத்தாழ 2,80,000 ரூபாய். பொக்லைன் வாடகை மணிக்கு 1,400 ரூபாய் என்று பேசியிருக்கிறது. 120 மணி நேர வேலை இருக்கும் என்று இயந்திரக்காரர் சொல்கிறார், அதற்கு 1,68,000. கரையில் மண் அணைக்கவும் அடிமரத்தை அப்புறப்படுத்தவும் 65,000. மதகையும் குழாயையும் புதிதாகக் கட்ட 47,000. பனை விதைக்குச் செலவில்லை, நம் ஊர்ப் பையன்கள் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். வரவேற்பு மாலையில் வைப்பதாக இருந்த இன்னிசைக் கச்சேரியை நாங்கள் விட்டுவிட்டோம். அந்த 60,000 ரூபாய் குளத்துக்கு முதல் வரவு. நாகஸ்வரத்தையும் விட்டுவிட அப்பா சம்மதிக்கவில்லை. இந்த மண்ணில் அதைக் கேட்டதே எங்கள் துணிச்சல்தான்.

இதனால் உங்களிடம் நாங்கள் கேட்பது பணம் என்பதைவிட நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வாங்க நினைத்தவர்கள் அரை மணி நேரம் தரலாம், அதாவது 700 ரூபாய். நாலைந்து பேர் சேர்ந்து பீரோ வாங்கத் திட்டமிட்ட நண்பர்கள் ஒரு பகல் முழுவதும் இயந்திரத்தை ஓடவிடலாம். ஐம்பது ரூபாய் தருபவர்களுக்கும் ரசீது உண்டு. சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் வண்டி அனுப்பினால் அது பணத்தைவிடப் பெரிது. எதுவும் தர இயலாதவர்கள், தர விருப்பம் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். பந்தியில் யாரிடமும் ரசீது கேட்க மாட்டோம். எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கவும் மாட்டோம்.

மண்டபத்தில் மொய் மேசைக்கு எதிர்ப்புறம், பந்திக்குப் போகும் வழியில், தனி மேசையும் பூட்டிய உண்டியலும் இருக்கும். நம் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த இருவர் ரசீது எழுதுவார்கள். மேசையின் மேல் இந்த அறிவிப்பு வைக்கப்படும்:

"வாருங்கள், வணக்கம். இது மொய் மேசை அல்ல. ஐயனார் கோயில் குளம் தூர்வார விருப்பமுள்ளவர்கள் தரும் தொகை மட்டும் இங்கே. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மணமக்கள்."

பணம் எங்கள் பெயரில் இருக்காது. கூட்டுறவு வங்கியில் மூவர் பெயரில் கூட்டுக் கணக்கு திறந்திருக்கிறது: ஓய்வுபெற்ற நம் தமிழாசிரியர், மகளிர் குழுச் செயலாளர், பெட்டிக்கடைச் சித்தப்பா. மூவரில் இருவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. சித்தப்பாவும் ஆசிரியரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை என்பதால் கணக்கு பத்திரமாக இருக்கும். வரவு செலவு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். மீதம் இருந்தால் அது வாய்க்காலைச் சுத்தம் செய்யப் போகும். அனுமதி தாமதமாகி இந்தக் கோடையில் வேலை நடக்காவிட்டால், பணம் அதே கணக்கில் அடுத்த பங்குனி வரை காத்திருக்கும். இது பதிவுபெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே வருமான வரிச் சலுகைக்கான சான்று கிடைக்காது. சம்பளக்கார நண்பர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு எண்ணை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே அச்சிடவில்லை. கைமாறிக் கைமாறிப் போகும் வாட்ஸ்அப் செய்தியில் எண்ணை மாற்றிவிட ஒரு ஆள் போதும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் எங்கள் இருவரில் ஒருவரை அழைத்துப் பேசி, எண்ணைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெயரைச் சொல்லி வேறு எண்ணோ படமோ வந்தால் பணம் அனுப்ப வேண்டாம்.

கடைசியாக, சென்னை அலுவலக நண்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். தேனிலவுச் செலவுக்கு ஒரு நிதி திரட்டித் தருகிறோம் என்று நீங்கள் கேட்டது எங்களுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. கொஞ்சம் சபலமும் இருந்தது. வீட்டில் பேச்சை எடுத்துப் பார்த்தோம். "நீங்கள் ஊர் சுற்ற ஊரார் பணமா?" என்று அப்பாயி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். உங்கள் பழக்கம் வேறு, அதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பத்திரிகை ஒன்றுதான், அதைச் சித்தியும் படிப்பார், உங்கள் மேலாளரும் படிப்பார். இருவருக்கும் ஒரே வேண்டுகோள் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தங்குவதற்கும் பணம் சேர்த்துவிட்டோம். திரட்டிய தொகை ஏதும் இருந்தால் அதையும் குளத்துக்கே அனுப்புங்கள். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கரையில் நின்று வேலையைப் பார்க்கலாம், மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

உங்கள் அனைவரையும் குடும்பத்தோடு எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
மலர்விழி, இளங்கோ

பின்குறிப்பு: கடிதம் கிடைப்பதற்கு முன்பே பரிசு வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், கொண்டு வாருங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். கடிகாரமாக இருந்தால் மட்டும் நம் ஊர் அங்கன்வாடிக்குக் கொடுப்போம். அங்கே உள்ளது நெடுநாளாக ஓடவில்லை என்று ஆசிரியை சொன்னார்.

மணமகளின் தந்தை சேர்த்து எழுதுவது: பிள்ளைகள் எழுதியதை முழுவதும் படித்தேன், எனக்குச் சம்மதம். சம்பந்தி வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். மொய் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. என் கணக்கில் யாருக்காவது திருப்பிச் செய்ய வேண்டியது நின்றுபோயிருந்தால், கல்யாணத்துக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்.