ரொம்ப நாளா பாக்காத நம்ம சபை குடும்பங்களுக்கு

கிறிஸ்துவுக்குள்ள அன்பான அண்ணன், மைனி, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் உங்க பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுத்த டீச்சர். ஐயர்கிட்டயும் கமிட்டிலயும் சொல்லிட்டுத்தான் இத எழுதுறேன். ஏன் வரலன்னு கேக்க எழுதலங்க. நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான்.

2020 மார்ச்சுல கோயில் கதவப் பூட்டி செப்டம்பர்ல திறந்தப்ப பாதி பெஞ்சு காலியா இருந்துச்சு, அதுல சில பேர் மெதுவா வந்துட்டாங்க, சில பேர் வரல. அதுக்கப்புறம் நம்ம சபை எலெக்ஷன்ல நடந்த பேச்சு உங்கள்ல சில பேர் மனச எவ்வளவு ஒடச்சுதுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன், வாயத் திறக்கல. அதுக்கு மன்னிச்சுக்கோங்க. மன்னிச்சுட்டு வரணும்னு இல்ல, மன்னிப்பு கேக்க வேண்டியது என் கடம, அவ்வளவுதான்.

சங்க காணிக்கை பாக்கி இருக்கே, எந்த முகத்தோட போறதுன்னு ஒரு வீட்டுல சொன்னாங்களாம், கேட்டு எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல. பழைய பாக்கிய யாருகிட்டயும் கேக்கக்கூடாதுன்னு கமிட்டில முடிவு பண்ணி எழுதியாச்சு. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எதுக்கும் அது தடையா இருக்காது.

வேற சபைக்குப் போறீங்கன்னா சந்தோஷமா போங்க. ஜெபிக்கவே முடியல, நம்பிக்கையே ஆடிப்போச்சுன்னு இருக்கவங்களும் இருப்பீங்க. வீட்டுல ஒரு சாவு விழுந்தப்புறம் எனக்கும் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு, கோயிலுக்கு வருவேன், பாட்டு வாய்ல வராது. காணாமப் போன ஆடுன்னு உங்கள இங்க யாரும் நெனைக்கல.

எப்பவாவது வரணும்னு தோணுனா ஞாயித்துக்கிழம எட்டரைக்கு ஆராதன, ரெண்டாம் மணி எட்டு மணிக்கு அடிக்கும். வேப்பமரத்துப் பக்கம் இருக்க சைடு வாசல் திறந்தே இருக்கும், கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு பாதில எந்திரிச்சுப் போனாலும் பரவால்ல. எழுப்பி நிறுத்தி வரவேற்க மாட்டோம், இத்தன நாளா எங்கன்னு வாசல்ல பிடிச்சுக் கேக்கக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கோம்.

ஆராதனைக்கு வர மனசில்லைன்னா அசனத்துக்கு மட்டும் வாங்க, நவம்பர் ரெண்டாவது சனிக்கிழம சாயங்காலம். நம்ம ஊர்ல அசனம் கோயிலுக்கு வர்றவங்களுக்கு மட்டும்னு எப்பவும் இருந்ததில்ல, கோயில் பக்கமே வராத தெருக்காரங்க எல்லாரும் பாயில வரிசையா உக்காந்து சாப்பிடுறதுதானே. வர முடியலன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட ஒரு தூக்குவாளிய குடுத்து விடுங்க, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன்.

வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்னா அதையும் சொல்லி விடுங்க, வரமாட்டோம். உடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் வேணும், சும்மா பேசணும், எதுன்னாலும் கூப்பிடுங்க. கோயிலுக்கு வந்தாத்தான் செய்வோம்னு இல்ல.

அன்போட,
சண்டே ஸ்கூல் டீச்சரும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரும்