அவசரம்: அம்மாவை 24-ம் தேதிக்கு முன்னால், முடிந்தால் இன்றே பார்க்க வேண்டும்

கல்லிடைக்குறிச்சி
11.11.2025, செவ்வாய்க்கிழமை, காலை 6.40

நோயாளி: பேச்சியம்மாள், வயது 67
ஃபைல் எண்: 1143
கொடுத்திருக்கும் நேரம்: 24.11.2025, திங்கள், மாலை 5 மணி

டாக்டர் அம்மா அவர்களுக்கும் வரவேற்பில் இருக்கும் சிஸ்டருக்கும் வணக்கம்.

நான் பேச்சியம்மாளின் மகள் செல்வி. அம்மாவுக்கு ஒரு வாரமாக மூச்சிளைப்பு கூடிக்கொண்டே போகிறது. இரண்டு கால்களும் முழங்கால் வரை வீங்கிவிட்டன. ஒரே வாரத்தில் எடை மூன்றரை கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டு ராத்திரியாகப் படுக்கவே முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்கள். 24-ம் தேதி வரை இது தாங்காது. இன்றைக்கு எந்த நேரமானாலும் சரி, டாக்டர் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிஸ்டர், நேற்று சாயங்காலம் நான் போன் செய்தபோது முன்னால் இடம் எதுவும் இல்லை என்று சொன்னீர்கள். தூரத்திலிருந்து வந்து காத்திருப்பவர்கள் நிறைய என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது கால் வீக்கத்தை மட்டும்தான் சொன்னேன். அதற்குப் பிறகு ராத்திரி நடந்தது வேறு. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். முழுதும் படிக்க நேரமில்லை என்றால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டுமாவது டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்குப் போன ஜனவரியில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தது. அதன் பிறகு எடுத்த எக்கோவில் பம்பிங் 35 சதவீதம். அன்றைக்கு டாக்டர் சொன்னபடி தினமும் காலையில், ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்த்து நோட்டில் எழுதி வருகிறோம். 4-ம் தேதி 58.2 கிலோ. 7-ம் தேதி 59.4. 9-ம் தேதி 60.9. இன்று காலை 61.8. சாப்பாடோ பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு வாய் எடுத்ததுமே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். சாப்பாடு குறைந்து எடை ஏறுகிறது என்றால் உடம்பில் நீர்தான் சேர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலே சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்கள். அந்த அளவு தாண்டிவிட்டது.

இன்று காலை 6 மணிக்குப் பார்த்தது: பிரஷர் 150/90, நாடி 104, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் 93. வழக்கமாக 97, 98 காட்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 162. நெஞ்சுவலி இல்லை. மயக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. உதடு, நகம் நீலமாகவில்லை. படுத்தால் இருமல் வருகிறது. சளி வெள்ளையாகக் கொஞ்சம்தான், ரத்தம் இல்லை. நேற்று முழுக்க ஒன்றுக்குப் போனது ரொம்பக் குறைவு. மாத்திரை போட்டபிறகு காலையில் நாலைந்து தடவை போவார்கள், நேற்று அப்படிப் போகவில்லை.

இனி ராத்திரி நடந்தது. தீபாவளி வரைக்கும் அம்மா ஒரு தலையணை வைத்துத்தான் தூங்கினார்கள். போன வாரம், "ஏட்டி, இன்னொண்ணு எடுத்துப் போடு, மூச்சு முட்டுது" என்றார்கள். அப்புறம் மூன்று ஆனது. ஞாயிறு ராத்திரி அதுவும் போதவில்லை, நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். நேற்று நடுராத்திரிக்கு மேல் கொஞ்சம் அசந்து தூங்கட்டும் என்று கட்டிலில் சாய்த்துவிட்டேன். சிறிது நேரத்தில் மூச்சு கிடைக்காமல் பதறி எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வியர்த்துக் கொட்டியது. நெஞ்சுக்குள்ளே சலசலவென்று சத்தம் எனக்கே கேட்டது. உட்கார வைத்து, காலைத் தொங்கப் போட்டு, ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பிய பிறகு அரை மணி நேரத்தில் அடங்கியது. அந்த அரை மணி நேரத்தில் 108-க்குப் போன் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். அம்மா கையைப் பிடித்து, "விடியட்டும் மக்களே, நம்ம டாக்டரம்மாகிட்டயே போவோம்" என்றார்கள். சரியாகப் போனதால் விட்டேன். இன்னொரு ராத்திரி அப்படிப் போக நான் விடமாட்டேன்.

பகலிலும் நிலைமை மாறியிருக்கிறது. தார்சாவிலிருந்து அடுப்படி வரை நடந்து போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். ஆகஸ்ட்டில் உங்களிடம் வந்தபோது தெருமுனைக் கோயில் வரை நின்று நின்று போய்வந்தவர்கள். பேசும்போதும் ஒரே மூச்சில் முழு வாக்கியம் வருவதில்லை. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. செருப்பு வார் காலில் பதிந்து, கழற்றி வெகு நேரம் ஆனாலும் தடம் மறைவதில்லை.

டாக்டர் அம்மா, காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கும் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, முட்டுவலி மாத்திரை. அம்மா இருபது வயதிலிருந்து அப்பளம் தேய்த்தவர்கள். இந்த ஊரில் எத்தனையோ பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. தரையில் சம்மணம் போட்டு, பலகையை முன்னால் வைத்து, விடிகாலையிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த உழைப்பில்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். முட்டு தேய்ந்ததும் அதில்தான். மழை ஆரம்பித்ததும் வலி கூடியிருக்கிறது. எங்களிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சுருக்குப்பையில் அட்டை கிடைத்தது. டைக்ளோஃபெனாக் 50 மி.கி. தீபாவளிக்குப் பிறகு தினமும் இரண்டு போட்டதாக ஒத்துக்கொண்டார்கள். இந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், நீர் மாத்திரையை வேலை செய்ய விடாது, கிட்னிக்கும் ஆகாது என்று டிஸ்சார்ஜ் ஆன அன்றே நீங்கள் எச்சரித்தீர்கள். ஞாயிறு மதியத்திலிருந்து நிறுத்திவிட்டோம். அவர்களைத் திட்ட வேண்டாம் டாக்டர். வலியைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் செலவு என்று நினைக்கிற மனசு அது. முட்டுக்கு வேறு என்ன போடலாம் என்று நீங்களே சொன்னால் கேட்பார்கள்.

இரண்டாவது, உப்பு. சமையலில் குறைத்துத்தான் போடுகிறேன். ஆனால் தீபாவளி சமயத்தில் சொந்தக்காரர்கள் வந்து போனதில் தினமும் அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும் இலையில் விழுந்திருக்கின்றன. அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். இப்போது எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. தண்ணீர், மோர், காப்பி எல்லாம் சேர்த்து நீங்கள் சொன்ன ஒன்றரை லிட்டருக்குள் வைத்திருக்கிறேன்.

மாத்திரைகள் எதுவும் விட்டுப்போகவில்லை. ஃப்ரூசெமைடு 40 காலையில் ஒன்று, ஸ்பைரோனோலாக்டோன் 25 ஒன்று, மெட்டோப்ரோலால் 25, ராமிப்ரில் 2.5, ஆஸ்பிரின் 75, ராத்திரி அட்டோர்வாஸ்டாட்டின் 40, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை. நீர் மாத்திரையை இன்னொன்று சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். நானாக எதையும் கூட்டவும் குறைக்கவும் மாட்டேன். அங்கே வந்து சேர்வதற்குள் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்லட்டும், அந்த நிமிடமே செய்கிறேன். காலை மாத்திரைகளை 8 மணிக்கு வழக்கம்போலக் கொடுத்துவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஆகஸ்ட்டில் பார்த்த ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2, பொட்டாசியம் 4.6. அடுத்து இந்த மாதம் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. வலி மாத்திரை போட்டிருப்பதால் அதுவும் மனசில் உறுத்துகிறது. அங்கேயே வந்து ரத்தம் கொடுத்தால் போதும் என்றால் அப்படியே செய்கிறோம்.

கிளம்புவதற்கு எல்லாம் தயார். தம்பி வாடகைக் காருக்குச் சொல்லிவைத்திருக்கிறான். நீங்கள் சரி என்றால் சேரன்மகாதேவி வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை வந்துவிடுவோம், மழை வந்தால் கொஞ்சம் கூடலாம். யாராவது வராமல் போன இடமானாலும், ஓ.பி. முடிந்து கடைசி ஆளாக என்றாலும் போதும். ஆனால் வந்தபிறகு நெடுநேரம் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசலில் ஒரு சக்கர நாற்காலி வேண்டும். மாடி ஏற முடியாது. ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கும்போது மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சு முட்டிவிடும், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்கோ, எடை நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகளும், அந்த வலி மாத்திரை அட்டையும் கொண்டு வருகிறேன். சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாளைக்கான துணிமணியும் காப்பீட்டு அட்டையும் எடுத்து வைத்தாயிற்று.

டாக்டர் ஊரில் இல்லை என்றாலோ, கிளினிக்கில் பார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று அவர்கள் நினைத்தாலோ, அதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். நேரே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுகிறோம். அப்படியானால் அங்கே காட்ட, அம்மாவின் இதயநிலை பற்றி டாக்டர் இரண்டு வரி எழுதி இதே எண்ணுக்கு அனுப்பினால் பெரிய உதவி.

கிளினிக் 8.30-க்குத் திறக்கும் என்று தெரியும். 9.30 வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் ஹைகிரவுண்டுக்குக் கிளம்பிவிடுவோம், 24-ம் தேதி நேரத்தை மட்டும் ரத்து செய்யாமல் வைத்திருங்கள். இதற்கு நடுவில் ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ, நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தாலோ, நுரையாகவோ சிவப்பாகவோ சளி வந்தாலோ எதற்கும் காத்திருக்கப்போவதில்லை. 108-ஐக் கூப்பிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்விட்டு அங்கிருந்து உங்களுக்குச் சொல்கிறேன்.

என் எண் ஃபைலில் முதல் பக்கத்தில் இருக்கிறது. தம்பி முருகனின் எண் அதற்குக் கீழே. இரண்டு போனும் கையிலேயே இருக்கும். "வாங்க" என்று ஒரு வார்த்தை அனுப்பினாலும் போதும், உடனே காரை எடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
செல்வி
(பேச்சியம்மாளின் மகள்)