இன்றைக்கே பூ வேண்டுமா? எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், என்ன விலை

பிப்ரவரி 9, திங்கள்

காதலர் தினம் இந்தச் சனிக்கிழமை. ஓசூர் ரோஜா இந்த வாரம் வழக்கமான விலையில் இருக்காது. நல்ல நீளக் காம்பு உள்ள பூவெல்லாம் வெளிநாட்டு ஏற்றுமதிக்குப் போய்விடும், மிஞ்சுவதைத்தான் நம் கோவைக் கடைகள் எல்லாம் போட்டி போட்டு வாங்குகிறோம். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: மற்ற நாளில் 450 ரூபாய்க்குத் தருகிற 10 சிவப்பு ரோஜா பொக்கே 13, 14 இரண்டு நாளும் 700. 20 ரோஜா 1,300. தனி ரோஜா, ஜிப்சோபிலா ஒரு கொத்து வைத்துச் சுற்றியது 90.

வியாழன் இரவு 9 மணிக்குள் பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு நிறமும் எண்ணிக்கையும் உறுதி. சனிக்கிழமை அன்றே கேட்பவர்கள் காலை 10 மணிக்குள் சொல்ல வேண்டும். அப்போது கையில் என்ன பூ இருக்கிறதோ அதில்தான் கட்டுவோம், சிவப்பு தீர்ந்திருந்தால் பிங்க் அல்லது ஆரஞ்சு. 10 மணிக்கு மேல் டெலிவரிக்கு எடுப்பதில்லை. ஆர்.எஸ்.புரம் கடைக்கு நேரில் வந்தால் இரவு 8 வரை இருப்பதைத் தருகிறோம்.

ரோஜாதான் வேண்டும் என்று இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. கோத்தகிரி கார்னேஷன் இந்த வாரம் அருமையாக வருகிறது. 10 காம்பு 600, விலை ஏற்றவில்லை. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் ரோஜாவைவிட நாள்பட நிற்கும்.

—

பிப்ரவரி 20, வெள்ளி. பிறந்தநாள், கல்யாண நாள், வழக்கமான நாட்கள்

நிறையப் பேர் கேட்பதால் மொத்தமாக எழுதுகிறேன். இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 11 மணிக்குள் சொன்னால் மதியம் 3 மணிக்குள் வீட்டில். மதியம் 3 மணிக்குள் சொன்னால் இரவு 8 மணிக்குள். ஞாயிறு காலை 11 மணியோடு சரி, அதற்குமேல் திங்கட்கிழமைதான். இந்த நேரம் எப்படி வந்தது என்றால், ஓசூர் பூவும் நீலகிரிப் பூவும் விடிகாலையில் வந்து இறங்கும். பயணத்தில் வாடிய காம்பை அடியில் சாய்வாக வெட்டி, தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வைத்தால்தான் பூ நிமிரும். நிமிராத பூவைக் கட்டிக் கொடுத்தால் உங்கள் கைக்கு வரும்போது நன்றாக இருக்கும், மறுநாள் காலையில் தலை தொங்கிவிடும். அப்படிப் பூ கொடுக்க எனக்கு மனசு வராது.

விலை இப்படி. ஜெர்பரா பல நிறம், 12 பூ, 550. ரோஜா 10 பூ 450, 20 பூ 850. ரோஜாவும் கார்னேஷனும் கலந்து கூடையில் 1,200. லில்லி 6 காம்பு 1,100, இதற்கு மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஆர்.எஸ்.புரம், சாயிபாபா காலனி, காந்திபுரம் டெலிவரி 60 ரூபாய். பீளமேடு, சிங்காநல்லூர், வடவள்ளி 100. சரவணம்பட்டி, போத்தனூர் 140.

வீட்டில் பூனை இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். லில்லி பூனைக்கு விஷம். அதன் மகரந்தம் உடம்பில் ஒட்டி, நக்கினால்கூடச் சிறுநீரகம் கெட்டுப்போகும். அந்த வீட்டுக்கு வேறு பூ வைப்போம். அப்புறம், பொக்கேயைப் பழக்கூடை பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கிற வாழைப்பழத்திலிருந்து வரும் வாயு பூவைச் சீக்கிரம் உதிர வைத்துவிடும்.

—

மே 6, புதன். அன்னையர் தினம், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு

வரும் ஞாயிறு, மே 10. இந்த ஒரு நாளில் பாதிக்குமேல் ஆர்டர் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, அதனால் நேரத்தை அந்தந்த ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நம் ஊரில் ஞாயிறு காலை 11 மணி கடைசி. சிங்கப்பூரில் அப்போது மதியம் 1.30. துபாயில் காலை 9.30. நியூஜெர்சியில் ஞாயிறு அதிகாலை 1.30, அதாவது சனிக்கிழமை இரவு படுக்கும் முன் அனுப்பிவிட வேண்டும். கலிபோர்னியாவில் சனி இரவு 10.30.

போன வருடம் ஒரு பையன் அவன் ஊர்க் காலை 11 மணி என்று நினைத்து அனுப்பினான். இங்கே இரவு எட்டரை. அம்மா தனியாக இருக்கிறார் என்று சொன்னதால் கடையில் மீந்த ஜெர்பராவை நானே வண்டியில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா வாசலிலேயே நின்று அழுதார். அதிலிருந்துதான் இந்தக் கணக்கை வருடாவருடம் போடுகிறேன்.

அம்மாக்களுக்கு என்று ஒரு செட் கட்டுகிறோம்: ரோஜா 8 பூ, கூடவே வாழை இலையில் சுற்றிய மல்லிகை இரண்டு முழம், 650 ரூபாய். பொக்கே மேஜைக்கு, மல்லிகை தலைக்கு. மூன்று வருடமாக இதுதான் அதிகம் போகிறது. பெயரை அட்டையில் தமிழில் கையால் எழுதித் தருவோம். அம்மாவின் போன் நம்பரும் லொகேஷனும் கட்டாயம் அனுப்புங்கள்.

—

மே 18, திங்கள். வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், முகூர்த்த நாள்

மாலையும் மல்லிகையும் அன்றைக்கே கேட்டால் கிடைக்காத வேலை. சத்தியமங்கலத்து மல்லிகையை விடியும் முன் மொட்டாகப் பறித்து, இங்கே வந்து சேரக் காலை ஒன்பது பத்து ஆகும். கட்டி முடிக்க மதியம். சாயங்காலம் தானாக விரியும். காலை 6 மணி முகூர்த்தத்துக்கு வேண்டும் என்றால் முந்தின நாள் கட்டி, ஈரத் துணியில் வைத்துத்தான் தர முடியும். ஆகவே மாலைக்கு இரண்டு நாள் முன், முகூர்த்த நாளாக இருந்தால் ஐந்து நாள் முன்.

ரோஜா மாலை ஜோடி 1,800 முதல். சம்பங்கி, மரிக்கொழுந்து சேர்த்த கனமான ஜோடி 3,500. வளைகாப்புக்கு மாலை, தலைக்கு வேணி, இரண்டு தட்டு உதிரிப்பூ சேர்த்து 2,200. மல்லிகை விலை மட்டும் அன்றைய மார்க்கெட்டைப் பொறுத்தது. மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டில் காலையில் என்ன விலையோ அதைப் போட்டோ எடுத்தே அனுப்புகிறேன், அதற்குமேல் கட்டுக்கூலி முழத்துக்கு 10 ரூபாய்.

சதாபிஷேகத்துக்கு மாலை கேட்பவர்கள் தயவுசெய்து எடையைச் சொல்லுங்கள். எண்பது வயதுக் கழுத்தில் மூன்று கிலோ மாலையைப் போட்டு அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நாங்கள் நாரில் நெருக்காமல் கட்டி, ஒரு கிலோவுக்குள் முடித்துத் தருகிறோம். போட்டோவில் வித்தியாசமே தெரியாது.

—

ஆகஸ்ட் 31, திங்கள். ஆசிரியர் தினம்

செப்டம்பர் 5 சனிக்கிழமை. உங்கள் பள்ளி அன்று விடுமுறையா என்று பார்த்துவிட்டு, வெள்ளியா சனியா என்று சொல்லுங்கள். தனி ரோஜா 30 ரூபாய், 20க்கு மேல் எடுத்தால் 25. ஜெர்பரா 3 பூ சிறிய பொக்கே 180. பள்ளிக்குக் காலை 8.30க்குள் வேண்டும் என்றால் முந்தின நாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்யுங்கள், அன்றைக்கே சொன்னால் 11 மணிக்கு முன் வராது.

—

எப்போதும் மேலே இருக்கும் பதிவு. துக்க வீடு

இதற்குக் கடைசி நேரம் கிடையாது. இரவு 2 மணி ஆனாலும் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். வீட்டில் நானோ தம்பியோ எடுப்போம். மலர் வளையம் சிறியது 800, பெரியது 1,500. சம்பங்கி மாலை 400, ரோஜா மாலை 600. முகூர்த்த நாளிலும் இந்த விலை மாறாது. இரவு நேரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள், பகலில் ஒரு மணி நேரம். அட்வான்ஸ் கேட்க மாட்டோம், பணத்தைக் காரியம் முடிந்தபிறகு கொடுத்தால் போதும். வளையத்தில் எழுத வேண்டிய பெயரை மட்டும் எழுத்துப் பிழையில்லாமல் யாராவது ஒருவர் சொல்லுங்கள்.